பாத்துக் குடுங்க

எருமப்பட்டிச் சந்தையில் சாரதாமணி வருவதைக் கண்டால் மிளகாய் வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்பாள். காம்பைக் கிள்ளிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், “இது போன வருசத்துச் சரக்குங்க, எனக்கா தெரியாது?” என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். போய்விடுவது போல நாலடி நடப்பாள். அவர்களும் கூப்பிட்டு விடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பேச்சு மட்டும் வாயில் வராது என்று சொன்னால் அந்தச் சந்தையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டு, இன்ன வேலை, இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி என்று வாயைத் திறந்து பேசுவது அவளுக்குச் செத்தாலும் வராது.

பொடி வியாபாரம் அவள் திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது இட்லிப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் கொடுத்து விட்டாள். அறைத் தோழிகள் டப்பாவை வழித்துத் தின்றுவிட்டு, அவரவர் அம்மாவுக்கும் வேண்டும் என்றார்கள். அப்புறம் வாட்ஸப்பில் ஒரு குழு. அப்புறம் பெங்களூருக்குக் கூரியர். இப்போது வீட்டின் பின்னறை முழுக்கப் பொடிதான். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் போட்ட ஒட்டுத்தாள், கவரின் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மிசின், எடை மிசின், சுவரோரம் வறுத்து ஆறவைத்த பருப்புத் தட்டுகள். மாடியில் கறிவேப்பிலை நிழலில் காயும். கணவன் மருதாசலம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவர். சாயங்காலம் அவர் வாசலில் வண்டியை நிறுத்தியதும் இரண்டு தும்மல் தும்மிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வைகாசி வாக்கில் சேலத்து மளிகைக் கடை ஒன்று, மாதாமாதம் வேண்டும் என்று பெரிய ஆர்டர் கொடுத்தது. சாரதாமணிக்குத் தலைகால் புரியவில்லை. அதே மாதத்தில்தான் வலது மணிக்கட்டு வீங்கியது. சல்லடையைப் பிடித்தால் சுருக்கென்றது. டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, “கைக்கு ஓய்வு குடுங்கம்மா, இல்லாட்டி வியாபாரத்துக்கு ஓய்வு குடுக்க வேண்டி வரும்” என்றார்.

“ஒரு ஆளப் போட்டுக்க புள்ள” என்றார் மருதாசலம்.

“ஆளு போடறதுக்கு நான் என்ன மில்லா நடத்தறேன்?”

“அப்ப சேலத்துக்காரனுக்கு போனப் போட்டு, முடியாதுன்னு சொல்லிப்போடு.”

அதற்கு அவளால் ஆகவில்லை. இருபத்தைந்து வருடம் இந்த வீட்டில் சமைத்துக் கொட்டியிருக்கிறாள். அவள் கைப்பக்குவத்துக்கென்று வெளியாள் ஒருத்தன் பணம் அனுப்புவது இந்த இரண்டு வருடமாகத்தான். அதை விட்டுவிடுவதா? அன்று மத்தியானமே ரேசன் கடை வரிசையில் நின்ற அறிவுச்செல்வியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

அறிவுச்செல்வி அடுத்த தெருப் பெண். கணவன் நவீன்குமார் போர் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறான். வருடத்துக்கு இரண்டு தரம், கோயில் நோம்பிக்கும் மழைக் காலத்துக்கும்தான் ஊர் திரும்புவான். மகள் மோகனப்பிரியா இந்த வருடம்தான் எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். செல்வி காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெயிலில் களையெடுத்து முதுகு ஒடிகிறது, வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால் தேவலை என்று அவளும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை வந்து பொடியறை வாசலில் நின்றாள்.

“உள்ள வா சாமி, ஏன் நிக்கற? காப்பி குடிக்கறயா?”

“இருக்கட்டுங்க்கா.”

காப்பி வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். சாரதாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“அப்பறம்... நீ என்ன எதிர்பாக்கற செல்வி?”

“நீங்க பாத்துக் குடுங்க்கா. உங்களுக்குத் தெரியாததா?”

“அதுக்கில்ல. எத்தன மணிக்கு வருவ?”

“நீங்க எப்ப வரச் சொல்றீங்களோ அப்ப வாரனுங்க.”

“ஒரு பத்து மணிக்கு வந்துட்டு, ரெண்டு மணி வாக்குல போற மாதிரி...”

“சரிங்க்கா.”

“வேல ஒண்ணும் பெருசா இல்ல. எனக்கு ஒத்தாசையா இருந்தாப் போதும்.”

“சொல்றதச் செய்யறனுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் அப்பாடா என்றிருந்தது. கூலியைப் பற்றி அடுத்த தெருக்காரியிடம் போய் எப்படிப் பேசுவது? அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை, எவ்வளவு நாகரிகமாக முடிந்துவிட்டது! சாரதாமணி அன்று இரவு கணவனிடம், “தங்கமான பொண்ணுங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கல” என்று மெச்சிக்கொண்டாள்.

செல்வி வேலையில் கெட்டிக்காரிதான். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து ஒரே உருவில் உருவுவாள். சல்லடையில் தங்கும் கப்பியைத் தனியே தட்டி, மறுபடியும் மிக்சிக்குப் போடுவாள். நூறு கிராம் கவர் என்றால் நூறு கிராம்தான், ஒரு சிட்டிகை கூடாது, குறையாது. வறுப்பது மட்டும் சாரதாமணியின் வேலை. உளுந்து எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்பதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஒரு வாரத்திலேயே மணிக்கட்டு வீக்கம் வற்றியது. பின்னறையில் இரண்டு பெண்களின் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. இத்தனை நாள் ரேடியோவோடு மட்டும் பேசிக்கொண்டு வேலை செய்தவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோசம்!

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், பொடி வறுத்த சட்டியைக் கழுவப் போன செல்வியிடம், “கையோட கையா அந்தக் குக்கரையும் ஒரு அலசு அலசிடு கண்ணு” என்றாள் சாரதாமணி. அதில் தப்பாக அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. குழாயடியில்தான் நிற்கிறாள், குக்கர் அங்கேதான் கிடக்கிறது. மறுநாள் கையோடு கையாகக் காலைப் பலகாரத் தட்டுகளும் சேர்ந்தன. கறிவேப்பிலை எடுக்க மாடிக்குப் போனவள் கையோடு கையாகக் காய்ந்த துணிகளையும் எடுத்து வந்தாள், எடுத்து வந்தவள் மடித்தும் வைத்தாள். மருதாசலத்தின் கிரீஸ் படிந்த பேண்டுகள் சோப்புத் தண்ணீரில் ஊறுவதும், அதைக் கையோடு கையாகக் கசக்கிப் போடுவதும் கூட எப்படியோ அந்தக் கணக்கில் வந்துவிட்டது. எதற்கும் செல்வி முகம் சுளிக்கவில்லை. “சரிங்க்கா” என்பாள். இரண்டு மணிக்குப் போக வேண்டியவள் தினமும் மூன்றடிக்கும்போதுதான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சுவரில் மாட்டியிருந்த கோழித்தீவனக் கம்பெனிக் கடிகாரத்தை அவள் அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பதைச் சாரதாமணியும் கவனித்தாள். பார்த்து என்ன பிரயோசனம், அது ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டுமே!

மாதம் முடிந்தது. சாரதாமணி ரொம்ப யோசித்து, ஒரு கவரில் எட்டாயிரம் ரூபாய் வைத்தாள்.

“எட்டாயிரமா?” என்றார் மருதாசலம். “அர நேர வேலைக்கா?”

“பாத்துக் குடுங்கன்னு சொன்னாளுங்க. நாம கொறச்சாக் குடுக்கறது? இந்தத் தெருவுல யாரு குடுப்பா இவ்வளவு?”

செல்வி கவரை இரண்டு கையாலும் வாங்கினாள். எண்ணினாள். முகம் மலரும் என்று சாரதாமணி காத்திருந்தாள். அது மலரவில்லை. பால் பொங்கி அடங்கியது போலச் சட்டென்று அடங்கிவிட்டது.

“ஏன் செல்வி, பத்தலயா?”

“அய்யோ, இல்லீங்க்கா. எச்சாவே குடுத்துட்டீங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் பத்து மணிக்கு அவள் வரவில்லை. பத்தேகாலுக்கு வாட்ஸப்பில் அவள் குரல் வந்தது. “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் இனிமேட்டுக்கு வேலைக்கு வரலீங்க.”

சாரதாமணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வறுத்துக்கொண்டிருந்த உளுந்து கருகியதுகூடத் தெரியவில்லை. எட்டாயிரம் கொடுத்தும் போகிறாளாமே! அப்படி என்ன குறை வைத்துவிட்டோம்? ஒருநாள் கடிந்து பேசியதுண்டா? மத்தியானம் சோறு போடாமல் அனுப்பியதுண்டா? நன்றி கெட்ட உலகம் என்று மிக்சியைப் பார்த்துத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். இரண்டு அடுக்குத் தட்டுகளில் பருப்பு, அரை மூட்டை மிளகாய், உருவாத கறிவேப்பிலைக் கட்டுகள். பத்து நாளில் சேலத்துக்குச் சரக்குப் போக வேண்டும். இந்த முறை தவறினால் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்ப்பார். மணிக்கட்டு இப்போதே விண்ணென்று தெறித்தது. செல்வி வராவிட்டால் இந்த அறையைப் பூட்டிவிட்டு, பழையபடி குக்கரும் குழம்பும்தான். இது அவளுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

செல்வி வாசலில் களைக்கொத்தைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஏம் புள்ள, மறுபடியும் களையெடுக்கவா போற? முதுகு ஒடியுதுன்னு நீதான சொன்ன?”

“ஆமாங்க்கா. ஒடியத்தான் ஒடியும்.”

“அப்பறம் என்ன? எங்க ஊட்ல உனக்கு என்ன கொற? வாய் தொறந்து சொல்லு. சொல்லாம நின்னுட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்வதா வேண்டாமா என்று அவளுக்குள் நடந்த போராட்டம் முகத்தில் தெரிந்தது.

“உள்ள வந்து உக்காருங்க்கா. உங்கமேல கொற இல்லீங்க. போன வியாழக்கெழம கேஸ் சிலிண்டர் வாரவரைக்கும் கையோட கையா இருந்து வாங்கி வெச்சுட்டுப் போன்னு சொன்னீங்களே, நெனப்பிருக்குதுங்களா? அன்னிக்கு நான் கெளம்பறப்ப மூணர ஆயிருச்சுங்க. புள்ள வேனு மூணே காலுக்கு முக்குல வந்து நிக்குமுங்க. எறக்கி உட்டுட்டுப் போயிட்டாங்க. நான் ஓடிப் போயிப் பாக்கறேன், முட்டை லாரி போற ரோட்டுல, ரோட்டோரமா, பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாளுங்க. அழக்கூட இல்லீங்க்கா. அம்மா வருவான்னு நின்னுட்டிருந்தேன்னு சொல்றா.”

சாரதாமணி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அட கடவுளே. அன்னிக்கே என்கிட்ட ஏஞ்சாமி சொல்லல?”

“எப்படிங்க சொல்றது? நானே நீங்க பாத்துக் குடுங்கன்னுட்டேன். பாத்து நீங்க எவ்வளவு குடுப்பீங்கன்னு தெரியாம, இந்த வேல செய்ய மாட்டேன், இத்தன மணிக்குப் போயிருவேன்னு எப்படிங்க வாயத் தொறக்கறது? சரி, மாசம் முடியட்டும், காசு கொஞ்சமா இருந்துச்சுன்னா அதச் சாக்கு வெச்சாவது பேசிரலாம்னு இருந்தனுங்க. நீங்க எட்டாயிரத்தக் குடுத்துட்டீங்க.”

“குடுத்தா நல்லதுதான?”

“எச்சாக் குடுத்துட்டீங்களேக்கா! இனி நான் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது? என்ன சொன்னாலும் சரி சரின்னுதான் நிக்கோணும். காட்டுல கூலி இவ்வளவுன்னு தெரியும், ஒரு மணிக்குக் கரையேறிட்டா அப்பறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. முதுகு ஒடிஞ்சாலும் மிச்சப் பொழுது எம்பொழுதுங்க்கா.”

தாராளமாகக் கொடுத்தோம் என்று நேற்று வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள், அந்தத் தாராளத்தைக் கொண்டே ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பிள்ளை ரோட்டோரம் நின்றது நின்றதுதானே! கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “நாளைக்கு ஒருக்கா வா சாமி. வேலைக்கு வர வேண்டாம், பேசறதுக்கு வா. அப்பறமும் புடிக்கலைன்னா உன்பாட்டுக்குப் போயிடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் மருதாசலம் டீ குடிக்கும்போது எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க பட்டறையில மணி அடிச்சா, கையில இருக்கற ஸ்பேனரு அப்படியே கீழ உழுகும். லாரி ஓனரே வந்து நின்னாலும் உழுகும். மேக்கொண்டு இருக்கோணும்னா ஓ.டி.ன்னு கேப்பாங்க. இஷ்டம்னா இருப்போம், இல்லாட்டி வண்டிய எடுத்துருவோம். அதுல மொதலாளிக்கும் வருத்தமில்ல, எங்களுக்கும் வருத்தமில்ல.”

“உங்க பேண்ட அவ தொவச்சப்ப இது ஞாபகத்துக்கு வரலீங்களா?”

மருதாசலம் தும்மினார். பொடி நெடியாலா, சங்கடத்தாலா என்று தெரியவில்லை. “அது அவ தொவச்சதா? நீ தொவச்சேன்னு நெனச்சேன்” என்று முனகினார்.

சாரதாமணி செல்போனில் கணக்குப் போட ஆரம்பித்தாள். காட்டில் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை களையெடுத்தால் பெண்ணாளுக்கு முந்நூற்றைம்பது. ஐந்து மணி நேரம், மணிக்கு எழுபது. செல்வி இங்கே நின்றது பேச்சுக்கு நாலு மணி நேரம், நிசத்துக்கு ஐந்து. இருபத்தாறு நாளுக்கு நூற்று முப்பது மணி நேரம். எட்டாயிரத்தை அதால் வகுத்ததும் வந்த எண்ணை அவள் நம்பவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் மணிக்கு அறுபத்தொன்றரைதான் வந்தது.

“ஏனுங்க, இங்க பாருங்க. எச்சாக் குடுத்துட்டேன்னு நானும் நெனச்சேன், எச்சா வாங்கிட்டேன்னு அவளும் நெனச்சா. களையெடுக்கற கூலியக்கூட நான் குடுக்கலீங்க!”

சந்தையில் ஐந்து ரூபாய்க்கு நிற்கிறவளுக்கு இது தலையில் குட்டியது போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, தன்மேலேயே சிரிப்பாகவும் வந்தது. மருதாசலம் வாய்விட்டே சிரித்தார்.

மறுநாள் செல்வி வந்தாள். சாரதாமணி பொடியறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டிருந்தாள். காப்பி கொடுத்த கையோடு, போன மாதத்துக் கணக்கைச் சொல்லி, நூற்று முப்பது மணிக்கு மணி எழுபது வீதம் சேர வேண்டிய மீதி ஆயிரத்து நூறையும் வைத்தாள்.

“இதெல்லாம் வேண்டாங்க்கா.”

“வேண்டாம்னு சொல்றதுக்கு இது நான் குடுக்கறது இல்ல, நீ வேல செஞ்சது. வாங்கிக்க. இப்ப சொல்லு. மணிக்கு எவ்வளவு வேணும்?”

“நீங்க பாத்து...”

“அந்த வார்த்தைய மட்டும் சொன்னீன்னா இந்தக் கப்பிய எடுத்து உம்மேல கொட்டிருவேன்!”

செல்வி சிரித்துவிட்டாள். சிரித்தாளே தவிர, தொகை வாயில் வரவில்லை. நாற்காலியின் கையைச் சுரண்டினாள். கடைசியில் சாரதாமணியே சொன்னாள்.

“காட்டுக் கூலி மணிக்கு எழுவது. இது நெழல் வேலைதான், ஆனா மொளகா நெடி இருக்குது, கை சுத்தம் வேணும், அளவு தப்பக் கூடாது. அதனால நெழலுன்னு சொல்லி நான் கொறைக்க மாட்டேன். எழுவதுக்குச் சம்மதமா?”

“சம்மதமுங்க்கா.”

“மொகத்தப் பாத்துச் சொல்லு.”

“நெசமாத்தானுங்க.”

“நேரம்?”

இதற்குச் செல்வி யோசிக்கவே இல்லை. “பத்துலிருந்து ரெண்டுங்க. ரெண்டுன்னா ரெண்டுங்க்கா. புள்ள வாரதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்புட்டுட்டு முக்குக்கு வரோணும்.”

“ஆச்சு. ஞாயித்துக்கெழம லீவு. கூலி மாசத்துக்கு ஒருக்கா வேண்டாம், சனிக்கெழமக்குச் சனிக்கெழம குடுத்தர்றேன். மாசத்துல ஒருநாள் லீவெடுத்தா கூலி புடிக்க மாட்டேன். மத்தியானச் சோறு இருந்தா சாப்புடு, அதக் கூலில சேக்க மாட்டேன். மழை புடிச்சோ, கரண்ட் கட்டோ, வேல இல்லைன்னா மொத நாளே சொல்லிடறேன். சொல்லாம விட்டு நீ வந்து நின்னுட்டா, அன்னிக்கு முழுக் கூலி.”

“வேல செய்யாமயேங்களா?”

“வெறுங்கையோட திருப்பி அனுப்பறது என் தப்புதான?”

வேலை எது எது என்ற பேச்சில்தான் நேரம் பிடித்தது. சுத்தம் பண்ணுவது, உருவுவது, அரைப்பது, சலிப்பது, எடை போட்டுக் கவரை ஒட்டுவது, தேதி ஒட்டுவது, அந்த அறையைக் கூட்டித் துடைப்பது, அந்த அறையின் பாத்திரங்களைக் கழுவுவது. சமையல்கட்டுச் சாமானும் வீட்டுத் துணியும் சிலிண்டரும் அதில் இல்லை. மிளகாய் அரைக்கிற நாளுக்கு முகக்கவசமும் கையுறையும் சாரதாமணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று செல்வி கேட்டாள். கேட்டுவிட்டுத் தானே திகைத்தாள்.

“கேளு, கேளு” என்றாள் சாரதாமணி.

“அப்பறமுங்க... நேரத்துக்கு மேல இருக்கச் சொல்றதுன்னா மொத நாளே கேக்கோணுமுங்க. முடிஞ்சா இருப்பேன். முடியாட்டி...”

“முடியாட்டி?”

“முடியாதுன்னு சொல்லுவேனுங்க.” இதைச் சொல்லும்போது அவள் குரல் பாதியாகிவிட்டது.

நின்றுகொள்வதானால் இரண்டு பக்கமும் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதையும் பேசி முடித்தார்கள். எழுதிக் கையெழுத்துப் போடலாமா என்று சாரதாமணி கேட்டாள். செல்விக்குக் கையெழுத்து என்றாலே கடன் வாங்கிய ஞாபகம் வந்துவிடும், அது வேண்டாம் என்றாள். அதனால் சாரதாமணி செல்போனை வாயருகே பிடித்து, பேசியது அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லி, செல்விக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அங்கேயே உட்கார்ந்து செல்வி அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, “அக்கா சொன்னது எல்லாம் சரிங்க, எனக்குச் சம்மதம்” என்று பதிலுக்கு ஒரு குரல் அனுப்பினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த சாரதாமணியின் போன் சிணுங்கியது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின என்று சொன்னால் அது பொய். சாரதாமணியின் நாக்கு பழக்கத்தில் இரண்டு தரம் “கையோட...” என்று ஆரம்பித்துப் பாதியில் கடித்துக்கொண்டது. ஒருதரம் கடித்துக்கொள்ளவும் மறந்து, செல்வியும் “சரிங்க்கா” என்று தட்டைக் கழுவிவிட்டாள். இரண்டு மணிக்கு அவள் கிளம்பும்போது சல்லடையில் பாதிப் பொடி கிடக்கும். அதைப் பார்க்கச் சாரதாமணிக்குக் கை துறுதுறுக்கும். மருதாசலம் தன் பேண்டைத் தானே துவைக்கக் கற்றுக்கொண்டார். கிரீஸ் கறை முன்பைவிட நன்றாகப் பரவியது. ஆனாலும் பின்னறையில் சிரிப்புச் சத்தம் திரும்பியிருந்தது. அது முன்பு இருந்ததைவிடப் பெரிதாகவே கேட்டது.

இருந்தும் சாரதாமணிக்கு உள்ளுக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவள் மறுபடியும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, ஒருநாள் காலையில் குரலை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிட்டால்? முடியாது என்று சொல்வேன் என்றாளே தவிர, இதுவரை ஒருதரமும் சொல்லவில்லை. வாயில் சொல்லாதது மனதில் சேர்ந்துகொண்டே போகும் என்பதை ஒருதரம் பட்டுத் தெரிந்துகொண்டவள் அவள்.

சேலத்துக்குச் சரக்குப் போக மூன்று நாள் இருக்கும்போது, கடைக்காரர் இன்னும் ஐம்பது கவர் பருப்புப் பொடி சேர்த்து அனுப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சாரதாமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“செல்வி, நாளைக்குப் பொழுதோட ஒரு மூணு மணி நேரம் சேத்தி இருக்க முடியுமா?”

செல்வி சலிப்பதை நிறுத்தவில்லை. சல்லடை இரண்டு சுற்றுச் சுற்றியது.

“முடியாதுங்க்கா” என்றாள்.

சாரதாமணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நாளைக்குச் சனிக்கெழம, நவீன் போன் பண்ற நாளுங்க. புள்ள அப்பாகூடப் பேசோணும்.” சல்லடையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். “ஞாயித்துக்கெழம காலைல வேணா வாரனுங்க. புள்ளையவும் கூட்டிக்கிட்டு வருவேன். ஆனா அது லீவு நாளுங்க. மணிக்குத் தொண்ணூறு குடுத்தீங்கன்னா வாரேன்.”

“தொண்ணூறா? எம்பது போட்டுக்கலாம் செல்வி.”

“இல்லீங்க்கா. தொண்ணூறுங்க.”

சாரதாமணி அவள் முகத்தையே பார்த்தாள். செல்வியும் பார்வையைத் தாழ்த்தாமல் பார்த்தாள். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

“சரி. தொண்ணூறு” என்றாள் சாரதாமணி.

இரண்டு மணிக்குச் செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போனாள். அன்று வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்த மருதாசலம் வாசலில் தும்மி முடிப்பதற்குள் சாரதாமணி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் ஈரம்.

“ஏனுங்க! செல்வி இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிட்டாளுங்க! தொண்ணூறு ரூவா கேட்டு, அஞ்சு பைசா எறங்க மாட்டேன்னுட்டா!”

“அதுக்கா இப்படிச் சிரிக்கற? பைத்தியம் கிய்த்தியம் புடிச்சுருச்சா?”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றாள் சாரதாமணி. “மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லிப்புட்டா. இனி அவ சொல்லாம நின்னுக்க மாட்டா.”